பேச்சு சொதியைப் பற்றி, சண்டை பத்திரத்தைப் பற்றி: அப்படி ஒரு காட்சியை எழுதும் வழி

ஒரே ஒரு சமையலறைக் காட்சி. இரண்டு பெண்கள், ஒரு அடுப்பு, பத்து நிமிடப் பேச்சு. அதை எழுதி முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. ஐந்து முறை எழுதினேன். இரண்டாவது வடிவத்தை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். பென்சிலில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள்: “படித்தால் பசிக்கிறது. சண்டை எங்கே?” எங்கெங்கே தடுக்கினேன் என்று இப்போது தெரியும் என்பதால், முதல்முறை இப்படி ஒரு காட்சியை எழுத உட்காருகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

கதை இதுதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சைவ வீடு. அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். உயில் இல்லை. அண்ணன் அந்த வீட்டிலேயே இருக்கிறார். தங்கை சங்கரி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். வீட்டில் தனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து அவள் கையெழுத்துப் போட வேண்டும். அதை யாரும் அவளிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் பத்திரம் எழுதித் தயாராக இருக்கிறது. அண்ணன் மனைவி, சங்கரிக்கு மதினி, தேங்காய்ப்பால் குழம்பான சொதியை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

1. முதலில் சாப்பாடே இல்லாமல் சண்டையை எழுதுங்கள்

நான் செய்த முதல் தவறு, நேராக அடுப்பைப் பற்ற வைத்தது. கதாபாத்திரங்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று எனக்கே தெளிவாகத் தெரியாமல் தேங்காய், இஞ்சி என்று எழுதிக்கொண்டே போனேன். பேச்சு அழகாக வந்தது, அதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

அதனால் தனியாக ஒரு தாளை எடுத்து, இரண்டு பேரும் மனதில் இருப்பதைப் பச்சையாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். இது கதைக்குள் வராது. நயம் வேண்டாம், அரை மணி நேரம் போதும். என்னுடைய தாளில் இருந்தது இவ்வளவுதான்:

மதினி: மாமாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான். நீ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாய். உன் கல்யாணத்துக்குச் செய்த செலவே உன் பங்கு. கையெழுத்துப் போடு.

சங்கரி: அந்தச் செலவை நான் கேட்கவில்லை. சட்டப்படி எனக்கும் உரிமை உண்டு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே எழுதித் தந்திருப்பேன். கேட்காமலே பத்திரத்தை எழுதி வைத்துவிட்டீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருத்தி பக்கம் மட்டும் நியாயம் இருந்தால் சாப்பாட்டுப் பேச்சில் அவள் எல்லா வரியிலும் ஜெயித்துக்கொண்டே போவாள், காட்சி சப்பென்று ஆகிவிடும். இந்தத் தாளைக் கடைசிவரை பக்கத்திலேயே வைத்திருங்கள்.

இன்னொரு காகித வேலையும் உண்டு. சண்டைக்குக் காரணமான விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வடிவத்தில் சங்கரி வீட்டுத் திண்ணையிலேயே கையெழுத்துப் போட்டு விவகாரம் முடிந்துவிடுவதாக எழுதியிருந்தேன். பத்திர எழுத்தர் ஒருவரிடம் காட்டியபோது சிரித்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போன அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அம்மாவும் இல்லாத இந்த வீட்டில் ஆளுக்குப் பாதி. அந்தப் பாதியை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், அதற்கு எழுதிக் கொடுப்பவர் சார்பதிவாளர் முன்னால் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இது தெரிந்ததும் காட்சிக்கு ஒரு கெடு கிடைத்தது: நாளைக் காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகம். இன்றைக்குச் சாப்பாட்டுக்குள் சங்கரியின் மனம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

2. சண்டைக்குச் சொந்தமான பதார்த்தத்தைத் தேடுங்கள்

முதலில் நான் வைத்தது பாகற்காய்ப் பொரியல். கசப்பான உறவு, கசப்பான காய். இதைவிட மட்டமான யோசனை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ருசியை வைத்து உணர்ச்சியைச் சொல்லும் வழி எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான், அதனாலேயே வாசகரும் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அடுத்து வத்தக்குழம்பு வைத்தேன். அது எந்த வீட்டிலும் எந்த நாளிலும் வைக்கக்கூடியது. இந்தச் சண்டையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இருவருக்குள் இந்தப் பதார்த்தம் ஏற்கெனவே ஒருமுறை நுழைந்திருக்கிறதா? சொதி அப்படி நுழைந்தது. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுப் பந்தியில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுவது சொதிச் சாப்பாடு. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர் உண்டு. சங்கரியின் கல்யாணத்திலும் அது நடந்திருக்கும், செலவு செய்தது இந்த வீடு. “உன் கல்யாணச் செலவே உன் பங்கு” என்ற வாதம் அந்தச் சட்டிக்குள்ளேயே கிடக்கிறது. மதினி யோசித்து அதை வைத்தாளா, பாசத்தில் வைத்தாளா என்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். அது இன்னும் நல்லது.

உங்கள் கதை வேறு ஊரில் நடந்தால் சொதியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டில் எந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு நிற்கிறது என்று தேடுங்கள்.

3. ஒருமுறை சமைத்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள்

இதைத் தவிர்க்கப் பார்த்தேன். சாப்பிட்டிருக்கிறேன், போதும் என்று நினைத்தேன். மூன்றாவது வடிவத்தில் மதினி முதல் பாலை ஊற்றிவிட்டுச் சொதியைத் தளதளவென்று கொதிக்கவிட்டாள். படித்த என் பெரியம்மா காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இவ சொதி திரிஞ்சு போயிருக்குமே” என்று மட்டும் சொன்னார். சமையல் தப்பாக இருந்தால் சமைக்கத் தெரிந்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவார், சண்டைக்கு வந்து சேர மாட்டார்.

செலவு பெரிதில்லை. இரண்டு தேங்காய், கொஞ்சம் பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், ஒரு எலுமிச்சம்பழம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நேரமும் வலப்பக்கம் கை என்ன செய்கிறது என்பதும் எழுதுங்கள். என் தாளின் கடைசிப் பகுதி மட்டும் இங்கே: காய்கள் மூன்றாம் பாலில் வெந்துகொண்டிருக்கின்றன. வெந்த பருப்பு சேர்கிறது. இரண்டாம் பால் சேர்ந்து ஒரு கொதி வருகிறது. கெட்டியான முதல் பால் தட்டு போட்டு மூடித் தனியே காத்திருக்கிறது. அதை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைக்கிறார்கள். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை.

எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆனது. காட்சிக்கு எனக்கு வேண்டியது கடைசிப் பத்து நிமிடம் மட்டும். தேங்காய் துருவுவதில் ஆரம்பித்தால் வாசகர் சமையல் குறிப்பு படிக்கத் தொடங்கிவிடுவார். முதல் பால் மூடிவைத்துக் காத்திருக்கும் இடத்தில் ஆரம்பித்தால், அதை எப்போது ஊற்றுவது என்ற அவசரம் தானாகவே பேச்சுக்குள் வந்துவிடும்.

4. வாசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

அந்தப் பென்சில் வரியின் காரணம் எனக்கு இங்கேதான் புரிந்தது. கதாபாத்திரங்கள் பத்திரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதற்காக வாசகரிடமிருந்தும் அதை ஒளித்துவைத்திருந்தேன். கடைசியில் வெடி வைப்பதாக நினைப்பு. விளைவு, முதல்முறை படிப்பவருக்கு அது வெறும் சமையலறைப் பேச்சாக இருந்தது. மறுமுறை படித்தால்தான் சண்டை தெரியும். யார் மறுமுறை படிக்கிறார்கள்?

மறைக்க வேண்டியது கதாபாத்திரங்களின் வாய்க்கு மட்டும்தான். காட்சி தொடங்குவதற்கு ஒரு பத்தி முன்னால் இப்படி ஒரு வரி வைத்தேன்: “ஊஞ்சல் பலகையில், பிளாஸ்டிக் கவருக்குள், முத்திரைத்தாள் தட்டச்சு செய்தபடி கிடந்தது. கையெழுத்து இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.” அதைச் சங்கரி தாண்டிக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள். அவ்வளவு போதும். அதற்குப் பிறகு “தேங்கா” என்றாலும் “ரசம்” என்றாலும் வாசகர் காது அந்தக் கவரிலேயே இருக்கும்.

5. வரி வரியாக மாற்றுங்கள்

இப்போது முதல் தாளை எடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் சமையலறையில் சொல்லக்கூடிய ஒரு வரி தேட வேண்டும். ஒரு விதி: அந்த வரி, சாப்பாட்டைப் பற்றிய பேச்சாக முழு உண்மையாக இருக்க வேண்டும். பத்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத பக்கத்து வீட்டுக்காரி அடுக்களை வாசலில் நின்று கேட்டால் அவளுக்கு ஒன்றும் விபரீதமாகப் படக் கூடாது.

“மாமாவைப் பார்த்துக்கொண்டது நான்” என்பதற்கு நான் முதலில் எழுதியது: “பாலைப் பிழிஞ்சது ஒருத்தி, குடிக்க வர்றது இன்னொருத்தி.” எழுதிய அன்று தூக்கம் வராத அளவு பெருமையாக இருந்தது. ஆனால் சொதி வைக்கிற எந்தப் பெண்ணும் அப்படிப் பேச மாட்டாள். அது மேடை வசனம், பக்கத்து வீட்டுக்காரி உடனே நிமிர்ந்து பார்ப்பாள். அப்பாவின் கடைசி நாள் சாப்பாடு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தபோதுதான் சரியான வரி வந்தது. அவருக்குச் சொதி இறங்கவில்லை, கஞ்சிதான், இரண்டு மணிக்கு ஒருமுறை. வெறும் தகவல். குற்றச்சாட்டு அதற்குள் தானாக ஏறிக்கொள்கிறது.

“கேட்காமலே பத்திரம் எழுதிவிட்டீர்கள்” என்பது “எதுக்கு மதினி சொதி?” என்று ஆனது. “எனக்கும் உரிமை உண்டு” என்பது “நம்ம மரத்துக் காயா?” என்று ஆனது. கல்யாணச் செலவு, தேங்காய் எண்ணிக்கையாக மாறியது. எண்ணிக்கை சொல்ல முடிந்த இடத்தில் சொல்லிவிடுங்கள். “எவ்வளவு செலவு தெரியுமா” என்பதைவிட “நூத்தி இருவது தேங்கா” சுருக்கென்று குத்தும், ஏனென்றால் யாரோ அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. மாற்றுவது கைவந்துவிட்டால் எல்லா வரியையும் இரட்டை அர்த்தமாக்கத் தோன்றும். நான் “பாதி” என்ற சொல்லை மூன்று இடத்தில் செருகியிருந்தேன்: பாதித் தேங்காய், பாதி வெந்த காய், பாதிச் சாப்பாடு. படிக்கும்போது எழுதியவன் கண்ணடிப்பது போல இருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டேன். ஐந்து வரிக்கு இரண்டு வரி சும்மா சமையல் பேச்சாக இருக்கட்டும்.

6. நீ, நீங்கள்: இதைக் கடைசிக்கு வைத்திருங்கள்

குரலை உயர்த்தாமல் ஒருவரைத் தள்ளி நிறுத்தத் தமிழில் மரியாதையைவிட நல்ல ஆயுதம் இல்லை. மதினி, தன்னைவிடச் சின்னவளான நாத்தனாரைக் காட்சி முழுக்க “நீ” என்கிறாள். சங்கரி அவளை “நீங்க” என்கிறாள். இது வழக்கம், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே ஓர் இடத்தில் மதினி “நீங்க” என்றால் போதும், அடுக்களை குளிர்ந்துவிடும். இதை ஒருமுறைதான் செலவழிக்கலாம். நான்காவது வடிவத்தில் மூன்றுமுறை மாற்றினேன், வாசித்தவர்கள் எழுத்துப்பிழை என்று நினைத்தார்கள்.

அதோடு, மூன்றாவது ஆளை உள்ளே விடாதீர்கள். என் பழைய வடிவம் ஒன்றில் அண்ணன் எட்டிப் பார்த்து, “என்ன, ரெண்டு பேரும் பத்திரத்தைப் பேசியாச்சா?” என்பார். அதுவரை கட்டியதெல்லாம் அந்த ஒரு வரியில் சரிந்தது. இலையை எந்தப் பக்கம் மடித்தாள் என்று முடிப்பதும் வேண்டாம். நூறு கதையில் மடித்தாகிவிட்டது.

7. சேர்த்துப் பார்த்தால்

ஐந்தாவது வடிவம் இது. இதழில் வந்ததும் ஏறக்குறைய இதுதான்.

“எதுக்கு மதினி சொதி? ஒரு ரசம் வச்சாப் போதாதா.”

“நல்லாருக்கே. நீ எப்பவோ ஒருக்க வார. உங்க அண்ணன் காலைலயே ரெண்டு தேங்கா உரிச்சு வச்சுட்டாங்க.”

“நம்ம மரத்துக் காயா?”

“பின்வாசல் மரம் காய்ப்பை நிறுத்தி ரெண்டு வருசம் ஆச்சு. கடைக்காய்தான்.”

சங்கரி எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து உருட்டினாள். “அப்பா இருக்கையில காய்ச்சுக்கிட்டுத்தானே கெடந்துது.”

“தண்ணி ஊத்த ஆள் வேணும்லா. நான் ஒருத்தி எத்தனையைப் பாக்க.”

மதினி இரண்டாம் பாலை ஊற்றிக் கரண்டியால் அடியைத் துழாவினாள்.

“இஞ்சி தூக்கலா வாசம் வருது.”

“இளசு இஞ்சி. காரம் இருக்காது.” கொஞ்ச நேரம் கழித்து, “மாமாவுக்குக் கடைசில சொதி எறங்கல. கஞ்சிதான். ரெண்டு மணிக்கு ஒருக்க. ராத்திரியும்.”

“தெரியும் மதினி. நான் வந்தப்பப் பாத்தேன்லா.”

“வந்தப்பப் பாத்த.”

கொதி வந்தது. மதினி தீயைக் குறைத்தாள்.

“உன் மறுவீட்டுக்கு எத்தனை தேங்கா தெரியுமா? நூத்தி இருவது. உங்க அண்ணன்தான் கணக்கு எழுதுனாங்க.”

“எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். ஒரு கரண்டிகூடச் சாப்பிடல.”

“பந்தி வச்சது வச்சதுதான.”

சங்கரி சட்டியை எட்டிப் பார்த்தாள். “முதல் பாலை ஊத்துங்க மதினி. காய் கொழையுது.”

“அவசரப்பட்டாத் திரிஞ்சிரும்.”

“திரிஞ்சா என்ன. நாமதானே சாப்பிடப் போறோம்.”

“நீங்க மெட்ராஸ்ல அப்படிச் சாப்பிடுவீங்க.”

தட்டை எடுத்துவிட்டு முதல் பாலை ஊற்றினாள். ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்தாள். சங்கரி பழத்தை நறுக்கி ஒரு மூடியைப் பிழிந்தாள். மற்ற மூடியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“இதையும் பிழியட்டா?”

“உன் இஷ்டம்” என்றாள் மதினி.

“வந்தப்பப் பாத்த” என்பதுதான் இதில் விரிசல் விடும் இடம். சங்கரி சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள், ஒரு எழுத்தும் கூடவில்லை. உண்மை வெளியே வந்துவிடப் போகிறது என்று வாசகருக்குத் தோன்றும் நொடியில் கொதி வந்து இருவரையும் அடுப்புக்குத் திருப்பிவிடுகிறது. விரிசலுக்கு அடுத்த வரியில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டாம் பால் ஊற்றி எவ்வளவு நேரத்தில் கொதி வரும் என்று கடிகாரத் தாளில் குறித்திருந்ததால்தான் எனக்கு அந்தக் கொதி சரியான இடத்தில் கிடைத்தது.

நான் தூக்கி எறிந்த “பாதி” எலுமிச்சை மூடியாக வந்து கையில் நிற்கிறது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை என்பதால் விட்டுவைத்தேன்.

8. சோதனை: இரண்டு பேர், ஒரு கேள்வி

எழுதிவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். அப்புறம் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவருக்கு ஊஞ்சல் பலகை வரியோடு, இன்னொருவருக்கு அந்த வரி இல்லாமல் பேச்சு மட்டும். இருவரிடமும் ஒரே கேள்வி: “இவங்க என்ன பேசிக்கிறாங்க?”

முழுதாகப் படித்தவர் “வீட்டைப் பத்தி” என்று உடனே சொல்ல வேண்டும். யோசித்தால் நான்காவது படிக்குத் திரும்புங்கள், தகவல் போதவில்லை. பேச்சை மட்டும் படித்தவர் “ஏதோ மனஸ்தாபம் போல” என்ற அளவில் நின்றால் சரி. அவரும் “சொத்துத் தகராறு” என்று சொல்லிவிட்டால் உங்கள் வசனங்கள் கண்ணடிக்கின்றன, ஐந்தாவது படிக்குப் போங்கள்.

நான் பேச்சை மட்டும் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சொதி இந்தமுறை திரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பிள்ளை ஊருக்குப் போகும்போது தேங்கா குடுத்து விட்டாளா, இல்லையா?” என்று கேட்டார்.